வீடு பார்க்க வந்தவங்க நம்பரை யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீங்க!

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்ல ஒரு வீடு விலைக்கு வருது, ஞாயித்துக்கிழமை வந்து பாருங்கன்னாங்க. அக்காவும் நானும் போனோம். வாசல்லயே ஒரு நீள நோட்டு. பெயர், செல் நம்பர், ஊர், வேலை, பட்ஜெட். எழுதினாத்தான் உள்ள விடுவாங்களாம்.

நோட்டைத் திறந்தா எங்களுக்கு முன்னாடி வந்த அத்தனை பேர் விவரமும் கண்ணு முன்னாடி கிடக்கு. யார் எங்க வேலை பாக்குறாங்க, கையில எவ்வளவு வெச்சிருக்காங்க, எல்லாமே. போற வர்ற யார் வேணும்னாலும் போட்டோ எடுத்துட்டுப் போலாம். அதுலயும் அந்த பட்ஜெட் கட்டம்! 60 லட்சம்னு எழுதிக் கொடுத்துட்டு, அப்புறம் 55க்குக் கேட்டா எந்த ஓனர் இறங்குவார்? பேரம் பேசுற உரிமையை வாசல்லயே பிடுங்கிக்கிறாங்க.

அடுத்த வாரமே ஆரம்பிச்சிருச்சு. வீட்டு லோன், மாடுலர் கிச்சன், எங்கேயோ இருக்கிற பிளாட்டு. இதுக்கு மேல, வந்தவங்க எல்லாரையும் கேக்காம கொள்ளாம ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேர்த்துட்டாங்க. குரூப்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் மத்தவங்க நம்பர் தெரியும்ல? அக்காவுக்கு ராத்திரியில முகம் தெரியாத ஆள் "ஹாய்"னு அனுப்புறான்.

புரோக்கர்கிட்ட கேட்டா, "திருட்டு பயம் இருக்குதுங்க, யார் வந்தாங்கன்னு தெரிய வேணாமா?"ங்கிறார். வேணும், நியாயம்தான். அதுக்குப் பேரும் நம்பரும் வந்த நேரமும் போதும். பாதுகாப்புக்கு வாங்குன நம்பரை வியாபாரத்துக்கு எடுக்குறதுதான் தப்பு.

ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுங்க. எழுதி, பெட்டிக்குள்ள போடட்டும். மேல் பாதியில, பாதுகாப்புக்கு மட்டும்னு போட்டு, பேரும் நம்பரும் வந்த நேரமும். கோடு கிழிச்சு, கீழ தனியா, "இந்த வீட்டைப் பத்தி மட்டும் உங்ககிட்ட பேசலாமா?"ன்னு ஒரு காலிக் கட்டம். போனா, வாட்ஸ்அப்பா, எந்த நேரம்னு அவங்களே எழுதட்டும். டிக் அடிக்கலைன்னா வேண்டாம்னு அர்த்தம். சீட்டு யார்கிட்ட இருக்கும், நிறுத்தச் சொல்ல யாரைக் கூப்பிடணும்னு அடியில தமிழ்ல அச்சடிங்க. பட்ஜெட் வேண்டவே வேண்டாம்.

டிக் அடிச்சவங்களுக்கு மறுநாள் ஒரே ஒரு மெசேஜ், தனித்தனியா. பதில் வரலைன்னா விட்டுடுங்க. லோன்காரருக்கு நம்பர் தரணும்னா அதைத் தனியா கேளுங்க. பத்திரம் முடிஞ்சதும் சீட்டைக் கிழிச்சு, செல்லுலயும் எக்ஸல்லயும் ஏத்தினதை அழிங்க.

2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்லுது. நோட்டுல இருக்கிறதை செல்லுல ஏத்துனாலே அதுக்குள்ள வந்துடுது. எதுக்குன்னு சொல்லி வாங்குனீங்களோ அதுக்குத்தான் பயன்படுத்தணும். சம்மதம் கொடுக்குறது எவ்வளவு சுலபமோ, திருப்பி வாங்குறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்.

அந்த குரூப்பை இன்னும் கலைக்கல. முதல்ல அதைக் கலைங்க!