ஐகானைப் பார்த்துப் பெயர் வைப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை குழுவில் நடந்ததைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுக்கதையையும் இங்கே எழுதப் போவதில்லை. மான்ஸ்டர் ஹன்டர் போர்ட்டபிள் தேர்டு விளையாட்டின் மெனுக்களுக்கும் பொருட்பெயர்களுக்கும் நான் தமிழில் செய்து வைத்திருந்த அட்டவணையை ஒரு தம்பி எடுத்து, "எளிமையாக்கி", "திருத்தப்பட்ட பதிப்பு" என்று தலைப்பிட்டு வெளியிட்டார். கேட்டதற்கு, "ஸ்கிரீன்ஷாட்டில் ஐகானே தெரிகிறதே, அதைப் பார்த்துப் பெயர் வைக்க ஜப்பானிய மொழி எதற்கு, பத்து நிமிட வேலை" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே விழுந்த சிரிப்பு முகங்களையும் பார்த்தேன். சிரித்தவர்களில் சிலர் என் அட்டவணையை வைத்துத்தான் முதல் வேட்டையையே முடித்தவர்கள் என்பதையும் நான் மறக்கவில்லை.

என் பெயரை எடுத்துவிட்டார் என்பதல்ல என் வருத்தம். (அதுவும் உண்டு, ஆனால் இப்போது அது வேண்டாம்.) அந்தத் "திருத்தம்" ஆட்டத்தையே கெடுக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஐகான் ஒரு பொருளின் வகையைத்தான் காட்டும். அது எந்தப் பொருள் என்பதைக் காட்டாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இந்த ஆட்டம் பிஎஸ்பி என்ற கையடக்க ஆட்டக்கருவியில் 2010 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது. மறு ஆண்டு ஆகஸ்டில் பிஎஸ்3க்கும் வந்தது. ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வரவே இல்லை; தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிஎஸ்பி ஆட்டத் தட்டுகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது என்பதால், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய பிஎஸ்பியில் ஜப்பானியத் தட்டைப் போட்டாலும் ஆட்டம் ஓடும். ஓடும், ஆனால் திரையில் இருப்பது ஒன்றும் புரியாது. அந்த இடத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் திரைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி அட்டவணை செய்கிறோம்.

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் வழியாகத்தான் நான் இதற்குள் வந்தேன். ராணிப்பேட்டையில் வேலை முடித்துச் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் அவனுடைய படங்கள் வரிசையாகக் காத்திருக்கும். வேலைக்காகக் கற்றுக்கொண்ட ஜப்பானிய மொழி இப்படிப் பயன்படும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு நாள் இரவு அவனே அழைத்து, "இன்னாண்ணா, இந்த ஓநாய எவ்ளோ வாட்டி அடிச்சிட்டேன், கேக்குற ஓடு ஒண்ணு கூட வுழல" என்று ஏறக்குறைய அழுதான். நான் ஆட்டத்தில் ஆயுதம் செய்யும் கொல்லன் கடையின் திரையை முழுதாக அனுப்பச் சொன்னேன். படத்தைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது.

அவன் வேட்டையாடியது ஜின்ஓகா என்னும் இடி ஓநாயை. கொல்லன் அவனிடம் கேட்டது 雷狼竜の堅殻. அவன் பெட்டியில் குவிந்து கிடந்தது 雷狼竜の甲殻. இரண்டுக்கும் ஓடு வடிவ ஐகான்தான். ஆனால் முதலாவது உயர்நிலை வேட்டையில் கிடைக்கும் கெட்டி ஓடு. இரண்டாவது தொடக்கநிலை வேட்டையில் கிடைக்கும் சாதாரண ஓடு. இந்த ஆட்டத்தில் ஊர்ப் பணிகள் எல்லாமே தொடக்கநிலை. உயர்நிலை என்பது ஊர்ப் பணிகளில் சேராத, தனியாகப் பணி எடுக்கும் கூடத்தில் ஆறாம் நட்சத்திரப் பணிகளிலிருந்துதான் தொடங்குகிறது. அவன் ஊர்ப் பணியிலேயே அந்த ஓநாயை ஆயுள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தாலும் ஒரு கெட்டி ஓடுகூட விழாது. அதிர்ஷ்டக் குறைவு என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது, படித்தால் விளங்கிவிடக்கூடிய ஒற்றை எழுத்தின் சங்கதி.

இப்போது "திருத்தப்பட்ட பதிப்பை" எடுத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் "ஓடு" என்று மட்டும் இருக்கிறது. என் அட்டவணையில் ஒன்று "ஓடு", மற்றது "கெட்டி ஓடு". "கெட்டி" என்ற அந்த ஒரு சொல் அலங்காரத்துக்கு வைத்ததா? தொடக்கநிலையில் செதில் என்றால் உயர்நிலையில் உயர்செதில், நகம் என்றால் கூர்நகம், ஓடு என்றால் கெட்டி ஓடு என்று விலங்கு மாறினாலும் முறை மாறாமல் வைத்திருந்தேன். மூலத்திலும் அப்படித்தான் இருக்கிறது: 鱗 மேலே போனால் 上鱗, 爪 மேலே போனால் 尖爪, 甲殻 மேலே போனால் 堅殻. இந்த முறை ஒருமுறை பிடிபட்டால், புதிய விலங்கின் பொருளைப் பார்த்ததுமே எந்த நிலை வேட்டைக்குப் போக வேண்டும் என்பது அட்டவணை இல்லாமலே தெரிந்துவிடும். அந்த ஏணியைத்தான் "சுமை" என்று வெட்டியிருக்கிறார்கள்.

ஜப்பானிய மொழி தெரியாதவரும் இந்த இரண்டையும் பிரித்தறியலாம். 甲 என்ற எழுத்தில் ஐந்தே கோடுகள். 堅 என்பதில் பன்னிரண்டு. முன்னது வெளிறித் தெரியும், பின்னது கறுத்து அடைந்து தெரியும். ஆனால் பிஎஸ்பியின் திரை 480×272 புள்ளிகள்தான். அந்தத் திரையைக் கைபேசியால் சாய்வாகப் படம் பிடித்து, அது வாட்ஸ்அப்பில் மேலும் நசுங்கி வந்தால், ஐந்து கோடும் பன்னிரண்டு கோடும் ஒரே மை ஒழுகலாகிவிடும். バ என்பதன் மேலுள்ள இரண்டு சிறு கோடுகளும் パ என்பதன் மேலுள்ள சிறு வட்டமும் ஒன்றாகத் தெரியும். இதனால்தான், பிஎஸ்பி ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் PPSSPP வழியாக ஆடுகிறவர்கள் அதிலிருந்தே படம் எடுத்து டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று மன்றாடுகிறேன். "அண்ணன் படம் கேட்பதிலேயே கறாராக இருக்கிறார்" என்று கேலி செய்வதற்குப் பதில், ஏன் கேட்கிறார் என்று ஒருவர் யோசித்திருக்கலாம்.

படம் தெளிவாக இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. ஐகானை வெட்டி எடுத்து அதை மட்டும் அனுப்புவதால் பயனே இல்லை. கர்சர் அந்தப் பொருளின் மேல் நிற்க வேண்டும், கீழே வரும் விளக்கப் பெட்டி படத்தில் இருக்க வேண்டும், அதற்கு முன் எந்த மெனுவிலிருந்து உள்ளே வந்தீர்கள் என்ற திரையும் வேண்டும். கொல்லன் கடை மெனுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 生産 என்று ஒரு வரி, 強化 என்று ஒரு வரி. முதலாவது பொருட்களைக் கொடுத்துப் புதிய ஆயுதம் செய்வது. இரண்டாவது கையிலிருக்கும் ஆயுதத்தையே மேம்படுத்துவது. அதில் பழைய ஆயுதம் புதியதாக மாறிவிடும், பழையது பெட்டியில் தங்காது. வெட்டி எடுத்த படத்தில் இரண்டுமே இரண்டெழுத்துச் சொற்கள், இரண்டுமே ஆயுதம் "செய்வது". திருத்தப்பட்ட பதிப்பில் இரண்டுக்கும் "செய்" என்றே போட்டிருக்கிறார். அதை நம்பி, அருமையாக வைத்திருந்த வாளை மாற்றிவிட்டுப் பிறகு தேடுகிறவர் யாரிடம் போய்க் கேட்பார்? என்னிடம்தான் வருவார், ஏனென்றால் "தமிழ் அட்டவணை" என்றால் என் பெயர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. பெயர் போடும்போது வராத ஞாபகம் திட்டும்போது மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் சிலர் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ரசிகர்கள் செய்த ஆங்கில பேட்ச் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டு ஆடலாமே என்பார்கள். இருக்கிறது, அதைச் செய்தவர்கள் மீது எனக்கு மரியாதையும் இருக்கிறது. ஆனால் பேட்ச் என்பது ஆட்டத்தின் கோப்பில் போடப்படுவது. தட்டை அப்படியே போட்டு ஆடுகிறவருக்கு அது உதவாது. அதோடு, பத்தாம் வகுப்புத் தமிழ்வழியில் படிக்கும் ஒரு பையனிடம் போய், ஜப்பானிய மொழிக்குப் பதில் ஆங்கிலத்தில் திணறிக்கொள் என்று சொல்வது என்ன உதவி? ஆங்கிலம் தெரியாதவன் ஏன் விளையாட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"தமிழ்ப் பெயர்கள் சிரிப்பாக இருக்கின்றன" என்பது அடுத்த குற்றச்சாட்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். "இடி ஓநாய்" என்பதைக் காதில் கேட்டால் எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் பொருட்பெயர்களில் ஆட்டமே அந்த விலங்கை ஜின்ஓகா என்று குறிப்பிடாமல் 雷狼竜 என்றுதான் குறிப்பிடுகிறது. இடி, ஓநாய், டிராகன் என்ற மூன்று எழுத்துகள். பட்டியலில் அந்த மூன்றைத் தேடுகிறவருக்கு "ஜின்ஓகா ஓடு" என்று எழுதிக் கொடுத்தால் எந்த வரியோடு பொருத்திப் பார்ப்பார்? அதனால்தான் முதல் முறை வரும் இடத்தில் இரண்டு பெயரையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். சிரித்தவர்கள் அந்த வரியைப் படித்ததாகத் தெரியவில்லை.

அதிகம் சிரிக்கப்பட்டது "குளியல் கூடம்" என்பதுதான். 集会浴場 என்பதை அப்படிப் போட்டிருந்தேன். "வேட்டைக்காரன் எதற்குக் குளிக்கப் போகிறான், வேலூர் வெயில் அண்ணன் தலைக்கு ஏறிவிட்டது" என்று ஒரு கருத்து. அதற்குத்தான் அதிக விருப்பக்குறிகள். யுகுமோ என்ற அந்த ஊரே வெந்நீர் ஊற்றுக்குப் பெயர் போன ஊர் என்றுதான் ஆட்டம் தொடங்குகிறது. பணி எடுக்கும் கூடத்திலேயே குளம் இருக்கிறது. வேட்டைக்குப் புறப்படுமுன் அதில் இறங்கிக் குளிக்கலாம், அங்கே கொடுக்கும் பானத்தைக் குடித்தால் வேட்டையில் பலன் உண்டு. திருத்தியவர் அதை "லாபி" என்று மாற்றிவிட்டார். மாற்றியவர் அடுத்த திரையில் "குளிக்கவும்" என்று வரும் வரியை என்ன செய்வது என்று தெரியாமல் அதை அட்டவணையிலிருந்தே நீக்கியிருக்கிறார். ஒரு திரையைப் பார்த்துப் பெயர் வைத்தால் அடுத்த திரை இப்படித்தான் காலை வாரும்.

பத்து நிமிட வேலை என்றீர்களே தம்பி, உங்கள் பத்து நிமிடம் அட்டவணையில் நன்றாகவே தெரிகிறது. நான் பணம் கேட்கவில்லை. பாராட்டு கேட்டேனா என்றால், ஆம், கொஞ்சம் எதிர்பார்த்தேன்; மனிதன்தானே. காட்பாடியிலிருந்து ஒரு பெண், தன் தம்பிக்காக அட்டவணையை நோட்டில் கையால் எழுதிக்கொண்டு, அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். மெனு திரையில் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் நான் வைத்திருந்ததை அவர் ஒரு வரி பிசகாமல் காத்திருந்தார். நீங்கள் அதை அகரவரிசைக்கு மாற்றியிருக்கிறீர்கள். எழுத்தே தெரியாதவர் மூன்றாவது வரி எது என்று எண்ணித்தான் கண்டுபிடிப்பார் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லை.

சரி, நீக்குங்கள் என்று கேட்கப் போவதில்லை; கேட்டால் "சொந்தம் கொண்டாடுகிறார்" என்பீர்கள். என் பெயரும் வேண்டாம். கொல்லன் கடைப் பக்கத்தில் இரண்டாவது வரியை "மேம்படுத்து" என்று மாற்றுங்கள். 堅殻 வரும் இடங்களிலெல்லாம் "கெட்டி" என்பதைத் திரும்பப் போடுங்கள். வரிசையைப் பழையபடி வையுங்கள். உங்கள் பதிவின் கீழ் கெட்டி ஓடு எங்கே விழும் என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஆம்பூர்ப் பையனுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஊர்ப் பணியை விட்டுவிட்டுக் கூடத்தில் ஆறாம் நட்சத்திரம் வரை ஏறச் சொல்லுங்கள், அவன் தேடும் ஓடு அங்கேதான் விழும்.