அந்தப் பொத்தானை அழுத்தலாமா, கூடாதா? அதை எழுதுங்கள் முதலில்

அசைன்மென்ட்டில் ஏஐ பயன்படுத்துவது பற்றி ஒரு கல்லூரி விட்ட சர்குலரைத்தான் மூன்று நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த பி.காம் மாணவிக்கு அசைன்மென்ட்டில் பூஜ்யம் விழுந்ததும் எல்லோருக்கும் தெரியும். பெயரும் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம். எனக்குப் பேச வேண்டியது அந்தச் சர்குலரின் இரண்டு வாக்கியங்களைப் பற்றி மட்டும்தான்.

"மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தகாத முறையில் பயன்படுத்தக்கூடாது. ஏஐ அளவு 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்கப்படும்."

அந்தப் பெண் கட்டுரையை நோட்டில் கையால் எழுதியிருக்கிறாள். டைப் செய்த பிறகு, ஆங்கிலம் சரியாக வர வேண்டுமே என்ற பயத்தில் இலக்கணம் திருத்தும் ஒரு செயலியில் போட்டிருக்கிறாள். அது காட்டிய திருத்தங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். ஏஐ எழுதியதா என்று கணிக்கும் மென்பொருளின் ரிப்போர்ட்டில் 31 சதவீதம் என்று வந்தது, பூஜ்யம் போட்டாயிற்று. அவள் செய்தது தகாததா? சர்குலரை நான்கு முறை படித்தேன். பதில் அதில் இல்லை.

ஒரு விதி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். நாளைக்குக் கடைசி நாள். இரவு பதினொரு மணி. மாணவியின் விரல் ஒரு பொத்தானின் மேல் நிற்கிறது. ஹெச்.ஓ.டி.யைக் கேட்க முடியாது, சீனியரைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். விதியைப் பிரித்துப் பார்த்தால் அழுத்தலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது விதி இல்லை, பிறகு யாரை வேண்டுமானாலும் பிடிப்பதற்கான அனுமதிச் சீட்டு.

முதலில் அந்தப் பத்து சதவீதம். இது எங்கிருந்து வந்தது என்று துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். யுஜிசியின் 2018 கருத்துத்திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறையில் 10 வரை தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை முதல் நிலை, 60 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை என்று இருக்கிறது. அந்த எண்ணை அப்படியே தூக்கி ஏஐக்கு வைத்துவிட்டார்கள். ஆனால் அது மற்றவர்கள் எழுதியதோடு இருக்கும் ஒற்றுமைக்கான அளவு. ஒற்றுமை ரிப்போர்ட்டில் இந்த வரி இந்த இணையதளத்தோடு பொருந்துகிறது என்று வண்ணம் போட்டுக் காட்டும். திறந்து பார்க்கலாம், தவறாகச் சொல்லியிருந்தால் மறுக்கலாம். ஏஐ ரிப்போர்ட்டில் மூலம் என்று ஒன்று கிடையாது. இந்த நடை இயந்திரம் எழுதியது போல இருக்கிறது என்ற கணிப்பு மட்டும்தான். அதை எதை வைத்து மறுப்பது?

அதைவிட முக்கியமான ஒன்று. கல்லூரிகள் கட்டுரைகளைச் சோதிக்கும் டர்னிட்டின் மென்பொருளில் ஏஐ அளவு 1 முதல் 19 வரை வந்தால் எண்ணே காட்டாது, ஒரு நட்சத்திரக் குறிதான் வரும். அந்த அளவுகளில் தப்பாகப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று அந்த நிறுவனமே சொல்லித்தான் எண்ணை மறைத்திருக்கிறது. கருவியே காட்ட மறுக்கும் இடத்தில் இவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். சர்குலர் எழுதியவர் ஒரே ஒரு ரிப்போர்ட்டையாவது திறந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது.

"எங்கள் மாணவிக்கு 31 வந்ததே, 10 இல்லையே" என்பீர்கள். சரி, கணக்குப் போடுவோம். தப்பாகப் பிடிப்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழ்தான் என்று 2023இல் டர்னிட்டினின் ஏஐ கருவி வந்தபோது சொன்னார்கள். நூற்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் 60 பேர், ஐந்து தாள், தாளுக்கு இரண்டு அசைன்மென்ட். ஒரு செமஸ்டருக்கு 600. அத்தனை பேரும் நேர்மையாக எழுதினாலும் ஆறு கட்டுரைகள் மாட்டும். ஒரே ஒரு வகுப்பில். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இதே கணக்கைத்தான் போட்டது. 2022இல் அவர்களிடம் வந்தவை 75,000 கட்டுரைகள், அதில் ஒரு சதவீதம் 750. 2023 ஆகஸ்டில் அந்த வசதியை அணைத்துவிட்டார்கள். ஓபன்ஏஐ நிறுவனம் தன் சொந்த ஏஐ கண்டுபிடிப்பானை அதே ஆண்டு ஜூலையில், துல்லியம் போதவில்லை என்று திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்த ஸ்டான்போர்டு ஆய்வில், சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியவை என்று வந்தன. எளிய சொற்கள், ஒரே மாதிரி வாக்கியங்கள், அதுதான் காரணம். ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுதும் பிள்ளை வேறு எப்படி எழுதும்?

சரி, எப்படி எழுத வேண்டும் என்று சொல் என்கிறீர்கள். சொல்கிறேன்.

கருவியின் பெயரை வைத்து விதி எழுதக்கூடாது. சாட்ஜிபிடி கூடாது என்று எழுதினால், வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் உள்ளேயே உட்கார்ந்திருப்பது என்ன கணக்கு? போன் கீபோர்டு வாக்கியத்தை முடித்துக் கொடுப்பது? பெயர்கள் ஆறு மாதத்தில் மாறிவிடும். செயலை எழுத வேண்டும். அந்தப் பெண்ணின் அசைன்மென்ட்டையே எடுத்துக்கொள்வோம். "உங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் மூன்றாண்டுக் கணக்கைப் பார்த்து 1500 சொற்களில் அறிக்கை எழுதுக." இதன் கேள்வித்தாளிலேயே, தலைப்புக்குக் கீழே, இப்படி இருக்க வேண்டும்:

"புரியாத கருத்தைக் கருவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அதைக் குறிப்பிடத் தேவையில்லை. நீங்கள் எழுதிய வாக்கியத்தில் எழுத்துப்பிழை, இலக்கணப் பிழை திருத்தலாம், கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் குறிப்பிடவும். தமிழில் எழுதி மொழிபெயர்க்கலாம், தமிழ்ப் பிரதியை இணைக்கவும். நீங்கள் எழுதாத வாக்கியத்தைக் கருவியிடம் எழுதி வாங்குவதும், உங்கள் பத்தியை வேறு சொற்களில் மாற்றி எழுதச் சொல்வதும் கூடாது. இங்கே சொல்லப்படாத எதுவும் அனுமதி இல்லை என்று கொள்க."

ஐந்தே வரி. இப்போது அந்தப் பெண்ணின் விரலைப் பாருங்கள். திருத்தம் காட்டும் பொத்தான் ஆகும், பத்தியை மாற்றி எழுதும் பொத்தான் ஆகாது. இரண்டும் ஒரே செயலியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. செயலியின் பெயரைச் சொன்ன விதியால் இந்த இரண்டையும் பிரிக்க முடிந்திருக்காது.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். விதி மௌனமாக இருந்தால் என்ன அர்த்தம் என்பதையும் விதிதான் சொல்ல வேண்டும். ஹரியானாவில் ஜிண்டல் குளோபல் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.எம். மாணவர் ஒருவர், விடை 88 சதவீதம் ஏஐ என்று ஃபெயில் ஆக்கப்பட்டு, 2024இல் உயர் நீதிமன்றம் போனாரே, அவருடைய வாதங்களில் ஒன்று, ஏஐ பயன்படுத்தக்கூடாது என்று விதியில் எங்கே இருக்கிறது என்பதுதான். பிறகு பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெறச் செய்து வழக்கு முடிந்தது. சட்டம் சொல்லிக்கொடுக்கும் இடத்திலேயே இப்படி.

"இவ்வளவு விவரமாக எழுதினால் ஓட்டை கண்டுபிடிப்பார்கள்" என்கிறார் ஒரு பேராசிரியர். ஐயா, இப்போது இருப்பது ஓட்டை இல்லை, சுவரே இல்லை. இன்னொருவர், "ஆசிரியரின் சுதந்திரம் போய்விடும்" என்கிறார். எதை அனுமதிப்பது என்று ஒவ்வொரு தாளின் ஆசிரியரே முடிவு செய்யட்டும். முடிவை அசைன்மென்ட் கொடுக்கும் நாளிலேயே எழுதிக் கொடுக்கட்டும் என்பது மட்டும்தான் கோரிக்கை.

"எழுதி வைத்தாலும் வீட்டில் பொய் சொல்வார்களே" என்பதுதான் நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் நடப்பதை எந்தச் சர்குலராலும் காவல் காக்க முடியாது. கருவி இல்லாமல் எழுதத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமானால் அந்தப் பகுதியை வகுப்பிலேயே, கண்ணெதிரே எழுத வையுங்கள். சிட்னி பல்கலைக்கழகம் மதிப்பீடுகளை இப்படித்தான் இரண்டாகப் பிரித்திருக்கிறது, மேற்பார்வையில் நடப்பவை, கருவிகளுக்குத் திறந்தவை என்று. நம் கூட்டுறவுச் சங்க அறிக்கையிலும் செய்யலாம். கணக்கைச் சேகரித்து அட்டவணை போடுவது வீட்டில். அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, வாராக்கடன் ஏன் கூடியது என்று இரண்டு பக்கம் எழுதுவது வகுப்பில், ஒரு பீரியடில். சரிபார்க்க முடியாத தடையைப் போட்டால் அது நேர்மையானவர்களை மட்டும்தான் கட்டிப்போடும்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். ரிப்போர்ட் மட்டும் ஆதாரம் ஆகாது என்று ஒரு வாக்கியம். மாணவருக்கு எழுத்தில் தகவல், வரைவுகளைக் கொண்டுவர ஒரு வாரம், பத்து நிமிட வைவா, அதில் மார்க் போட்டவரைத் தவிர இன்னொரு ஆசிரியர். "மூன்றாவது பக்கத்தில் இந்த விகிதத்தை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டால், எழுதியவர் யார் என்று பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. கூகுள் டாக்ஸில் `File > Version history > See version history` போனால் கட்டுரை எப்படி வளர்ந்தது என்று தெரியும், அதைக் கேளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவருக்கு அது சரி. நோட்டில் எழுதி, பிரௌசிங் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து டைப் செய்பவருக்கு? வேறு கோப்பிலிருந்து ஒட்டிய ஒரே பெரிய துண்டுதான் அந்த வரலாற்றில் தெரியும். பார்ப்பவருக்கு அது காப்பி அடித்தது போலவே இருக்கும். அதனால் கையெழுத்து நோட்டும் வரைவுதான் என்று விதியில் எழுத வேண்டும். அடித்தல், திருத்தல், ஓரத்தில் போட்ட கூட்டல் கழித்தல் இவற்றைவிட நல்ல சாட்சி எது?

இல்லாத புத்தகத்தை மேற்கோள் காட்டியிருந்தால் தயவு பார்க்க வேண்டாம். நூலக அட்டவணையில் தேடினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்தக் கருவி கொடுத்தது என்று விசாரிக்கக்கூடத் தேவையில்லை. பார்க்காத நூலைப் பார்த்ததாக எழுதியது குற்றம், அவ்வளவுதான்.

"நீ மாணவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று கமெண்டில் எழுதப்போகிறவர்களுக்கு: ஆமாம், வாங்குகிறேன். முழுக் கட்டுரையையும் எழுதி வாங்கி, அதைத் தன் கையெழுத்தில் பார்த்து எழுதிக் கொடுத்த பையன் அதே வகுப்பில் தப்பித்துவிட்டான். கையெழுத்துத் தாளை யாரும் ரிப்போர்ட் எடுப்பதில்லை. இலக்கணம் திருத்தியவள் மாட்டிக்கொண்டாள். இந்த விதி பிடித்தது யாரை, விட்டது யாரை என்று பாருங்கள்.

அவளுடைய நோட்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. பதினான்கு பக்கம், பென்சிலில் போட்ட மூன்று அட்டவணைகள், சங்கச் செயலாளரிடம் கேட்டு எழுதிய ஒரு பக்கம். அதைத் திறந்து காட்டு என்று இந்த நிமிடம் வரை யாரும் அவளைக் கேட்கவில்லை.