அந்த அட்டவணை பற்றி

முதல் வருஷ ரேடியோகிராபி பிள்ளைகளுக்கென்று எல்லோரும் பகிர்ந்து தள்ளிய அந்த அட்டவணையை நானும் பார்த்தேன். சிடி ஸ்கான் படம் படிக்க, முதல் மாதம் உடலைக் குறுக்காக வெட்டிக் காட்டும் ஆக்சியல், இரண்டாம் மாதம் முன் பின்னாகப் பிரிக்கும் கொரோனல், மூன்றாம் மாதம் இடம் வலமாகப் பிரிக்கும் சஜிட்டல். கலரெல்லாம் நல்ல வடிவு. மூன்றையும் பிரித்துப் படித்தால்தான் குழம்பும் என்று ஒரு வரி எழுதினேன். "எக்ஸ்ரே காலத்து ஆக்கள் சிடி பற்றிக் கதைக்க வேண்டாம்" என்று பதில் வந்தது. சரி, கதைக்கத்தான் போகிறேன்.

பேராதனையில் படிக்கும் என் மருமகள் லீவுக்குக் கல்லடிக்கு வந்திருந்தாள். ஆக்சியல் படங்கள் அத்தனையும் மனப்பாடம். நெஞ்சு ஸ்கானில் ஒரு ஸ்லைஸைக் காட்டினேன். முன்னால் ஒரு வட்டம், முள்ளந்தண்டின் இடப்பக்கம் இன்னொரு வட்டம். "ரெண்டும் ரெண்டு குழாயா மாமா?" என்றாள். படத்திலிருந்த பெயர் தெரியும், குழாய் தெரியாது.

ரெண்டும் ஒரே பெருநாடிதான். கழுத்திலிருந்து ஸ்லைஸ் ஸ்லைஸாக இறங்கச் சொன்னேன். முதலில் மூச்சு போகும் வாதனாளிக்குப் பக்கத்தில் மூன்று சின்ன வட்டங்கள்; அவை பெருநாடி வளைவிலிருந்து மேலே போகும் கிளைகள். அப்புறம் அவை போய், முன்னிருந்து பின்னால் இடப்பக்கமாகச் சரிந்த ஒரு நீண்ட உருவம் வரும். அதுதான் வளைவு. அதற்குக் கீழேதான் அந்த இரண்டு வட்டங்கள்: ஏறுவது முன்னால், இறங்குவது பின்னால்.

உடனே, அதே இருப்பில், கொரோனல். முன் ஸ்லைஸ்களில் ஏறும் பகுதி, பின் ஸ்லைஸ்களில் முள்ளந்தண்டோடு நீளமாக இறங்கும் பகுதி, நடுவில் வாதனாளிக்கு இடப்பக்கம் வளைவு உருண்டையாக. சஜிட்டலில் ஊன்றுகோல் பிடிபோல முழுசாக வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வளைவு சரிவாகக் கிடப்பதால் தளத்தையும் சரித்தால்தான் முழுசாகத் தெரியும். இதை மூன்றாம் மாதம் சொல்லி என்ன பிரயோசனம்?

"ஆக்சியல்தானே அடிப்படை" என்பீர்கள். ஓம், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொடங்கச் சொன்னேனே தவிர, அங்கேயே ஒரு மாதம் குந்தியிருக்கச் சொல்லவில்லை. ஆக்சியலைக் கால் பக்கமிருந்து பார்க்கிறோம், நோயாளியின் வலது நமக்கு இடப்பக்கம், கொரோனலிலும் அப்படியே. சஜிட்டலில் திரையில் வலது இடது என்றே ஒன்றில்லை. எந்தப் பக்கத்து ஸ்லைஸ் என்று மற்ற இரண்டையும் பார்த்துத்தான் உறுதிப்படுத்த வேண்டும். மூன்றையும் தனித்தனியாகப் படி என்கிற தம்பிக்கு இது தெரியாதா?

"லெப்டொப் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?" நியாயமான கேள்வி, கூட்டாளியோடு சேர்ந்து இருந்து பார்க்கட்டும். ஸ்கான் பார்க்கும் மென்பொருள் 3D Slicer இலவசம். அதிலுள்ள CTChest மாதிரி ஸ்கானைத் திறந்து, Shift-ஐ அழுத்தியபடி மவுஸை நகர்த்தினால் மூன்று தளமும் ஒரே புள்ளிக்கு வரும். வாரத்துக்கு ஒரு குழாய் போதும். முதல் வாரம் பெருநாடி, அடுத்தது வாதனாளி பிரியும் இடம். ஒவ்வொன்றையும் மூன்று தளத்திலும் தாளில் கீறி, பிறகு பெயர் எழுதட்டும். கீற வராத இடம்தான் விளங்காத இடம்.

எக்ஸ்ரே காலத்து ஆக்கள் என்றீர்களே, ஒரே படத்தில் முன்னும் பின்னும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததைப் பிரித்துப் பார்த்துத்தான் நாங்கள் வேலை பழகினோம். ஒரு குழாயை மூன்று பக்கமும் யோசிக்க எங்களுக்கு ஒருவரும் அட்டவணை போட்டுத் தரவில்லை. என் கருத்தை அழித்துவிட்டீர்கள், பரவாயில்லை. அந்த அட்டவணையை முடித்த ஒரு பிள்ளையிடம் அந்த இரண்டு வட்டங்களைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.