நன்றிக்கு ஒரு பிரதி

(ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு வீட்டு விறாந்தை. ஓய்வுபெற்ற விதானையாரான அம்மப்பாவும், தரம் 10 இல் படிக்கும் பேத்தியும்.)

பேத்தி: எங்கள் பாடசாலைக்கு வந்து உரையாற்றிய எழுத்தாளருக்கு நன்றிக் கடிதம் எழுதும் பொறுப்பை ஆசிரியர் என்னிடம் தந்திருக்கிறார், அம்மப்பா.

அம்மப்பா: எழுது, பிள்ளை. 'பொருள்: நன்றி தெரிவித்தல் தொடர்பாக. மேற்படி விடயம் சம்பந்தமாகத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில்...'

பேத்தி: இதைப் படித்தால், தம் காணியில் யாரோ வேலி போட்டுவிட்டார்கள் என்றல்லவா அவர் பதறுவார்!

அம்மப்பா: என் கடிதங்கள் கச்சேரி வரை போனவை. சரி, உன்னுடையதை வாசி.

பேத்தி: 'தங்கள் உரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று முதலில் எழுதி, பிறகு வெட்டிவிட்டேன். அன்று பாடசாலைக்கு வராத பிள்ளையும் அந்த வரியை எழுதலாம். பல் சுகாதாரம் பற்றிப் பேச வந்தவருக்கும் அதையே அனுப்பலாம்.

அம்மப்பா: வெட்டிய பின் என்ன மிஞ்சியது?

பேத்தி: 'தொலைந்த மாட்டைப் பற்றிய கதையில் முதற்பக்கம் முழுவதையும் நீக்கிவிட்டு, மாடு காணாமற்போன இடத்திலிருந்தே தொடங்கியதாகக் கூறினீர்கள். அன்று மாலை என் கட்டுரைக் கொப்பியை எடுத்து, சூரியன் உதித்துப் பறவைகள் பாடிய முதற்பந்தியை நானும் நீக்கினேன். இப்போது என் கட்டுரை, அம்மப்பா குளக்கட்டில் வழுக்கி விழுந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.'

அம்மப்பா: நான் விழுந்ததை வெளி மாவட்டத்துக்கும் அறிவிக்கிறாயா?

பேத்தி: தம் பேச்சைக் கேட்ட பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன செய்தாள் என்பது அவருக்குத் தெரிய வேறு வழியில்லையே. மண்டபத்தில் கை தட்டியதை அவரே கேட்டுவிட்டார்.

அம்மப்பா: அப்படியானால் முடிவில், 'எமது நூலகத்துக்குத் தங்கள் நூல்களில் பத்துப் பிரதிகளையும் இரண்டு மின்விசிறிகளையும் வழங்க ஆவன செய்யுமாறு' என்று சேர்த்துவிடு.

பேத்தி: கேட்டால் அது நன்றியாக இருக்காது, விண்ணப்பமாகிவிடும். ஒரேயொரு கேள்வி மட்டும் வைத்திருக்கிறேன்: 'நீக்கிய பக்கத்தைக் கிழித்துவிட்டீர்களா, இன்னும் வைத்திருக்கிறீர்களா?' நேரமிருந்தால் ஒரு வரியில் பதில் எழுதலாம். எழுதாவிட்டாலும் அவருக்குக் குற்றமில்லை.

அம்மப்பா: கீழே, 'பிரதி: வலயக் கல்விப் பணிப்பாளர், தகவலுக்காக.'

பேத்தி: நீங்கள் விழுந்த தகவல் அவருக்கும் போகட்டுமா?

அம்மப்பா: (அவசரமாக) பிரதி வேண்டாம். ஆனால் பதிவுத் தபாலில் அனுப்பு. கிடைக்கவில்லை என்று பின்னர் சொல்ல முடியாது.

பேத்தி: தபாற்காரர் வரும்போது அவர் வீட்டில் இல்லாவிட்டால், நம் நன்றியைப் பெறுவதற்காக வெயிலில் தபாலகம் சென்று கையெழுத்திட வேண்டும். அதற்கு யார் அவருக்கு நன்றி எழுதுவது?

அம்மப்பா: சரி, சாதாரண முத்திரையே ஒட்டு. இதோ பணம். பெற்றுக்கொண்டதாக ஒரு பற்றுச்சீட்டு எழுதித் தா.