பானைத் தண்ணீரின் சூடு எங்கே போகிறது?

"மண்ணுக்கே குளிர்ச்சி குணம். தண்ணியோட சூட்டை மண் உறிஞ்சிக்கும், பெயின்ட் அடிச்ச பானையும் அப்படித்தான்."

இப்படி ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க, கணக்கு இடிக்கிறது. 10 லிட்டர் தண்ணீர் 35 டிகிரியிலிருந்து 27-க்கு இறங்க 336 கிலோஜூல் வெளியேற வேண்டும். அதை 2 கிலோ பானையே வாங்கிக்கொண்டால் மண் ஏறக்குறைய 200 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கும். தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும்.

அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போவது வெளிப்புறம் கசிந்து ஆவியாகும் நீர். ஒரு கிராமுக்குச் சுமார் 2.4 கிலோஜூல்; ஆக 140 மில்லி, ஒரு டம்ளர் அளவு போதும். நடைமுறையில் தண்ணீர் இதைவிடக் கூடுதலாகவே ஆவியாகும், ஏனென்றால் குளிர்ந்த பானைக்குள் சுற்றியுள்ள காற்றும் சூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சமமாகும் இடத்தில் குளிர்வது நின்றுவிடும்.

சென்னையில் குளிரவில்லை என்று எழுதிய அக்காவுக்கு: காற்றில் ஈரம் கூடக் கூட ஆவியாவது குறையும்; 35 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் எந்தப் பானையும் 30-க்குக் கீழே போகாது. 38 டிகிரி, 30 சதவீதம் உள்ள வறண்ட ஊரில் எல்லை 24 வரை இறங்கும்.

ஈரத்துணி சுற்றச் சொன்ன தம்பி சொல்வது பாதி சரி. காற்றோட்டம் இல்லாத மூலையில் துணியால் பெரிய பயன் இல்லை.

பெயின்ட், தண்ணீர் கசியும் பானையின் நுண்துளைகளை அடைத்துவிடும். உப்புத் தண்ணீரும் நாளடைவில் அதையே செய்யும். நிரப்பி ஒரு நாள் ஆகியும் வெளிப்புறம் உலர்ந்தே இருந்தால் அடைப்புதான். சோப்பில்லாமல் தேங்காய் நாரால் தேயுங்கள். பழைய பானை எல்லாமே மீளும் என்று சொல்ல முடியாது.