மனுவை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தந்திருக்கலாம்

நூறு நாள் வேலைக் கூலி பாக்கிக்காக மனு கொடுக்கப் போன ஐந்து பெண்களை முந்தாநாள் யூனியன் ஆபீஸ் வாசலில் எடுத்த அந்தப் போட்டோவை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே வந்த கமெண்ட்டுகளையும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதாகப் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நிற்பவர் என் அம்மா. ரெண்டு நாளாக எதுவும் எழுதக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பணம் கேட்டுச் சண்டை போடப் போகவில்லை. 37 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த மனுவைக் கொடுத்துவிட்டு, அதற்குத் தேதி போட்டு ஒரு ரசீது கேட்டார்கள். அவ்வளவுதான். "டெல்லியில் இருந்தே பணம் வரலைம்மா, மனுவை வாங்கி நான் என்ன பண்றது" என்று சொல்லி, பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து பேரும் காலை பத்து மணியில் இருந்து மதியம் வரை அந்த வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எடுத்த போட்டோதான் அது.

ரசீது எதற்கு என்று கேட்கிறார்கள். நூறு நாள் வேலைச் சட்டத்தின் 23-வது பிரிவிலேயே இருக்கிறது, புகார் வந்தால் பதிவேட்டில் ஏற்றி 7 நாளில் முடிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு நம் ஊரில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. ரசீது இல்லையென்றால் எந்த நாளில் இருந்து 7 நாள் எண்ணுவது? மனு கொடுத்தோம் என்பதற்கே சாட்சி இல்லையே. அதனால்தான் ரசீது கேட்டார்கள்.

சரி, டெல்லியில் இருந்து பணம் வரவில்லை என்பது பொய்யா? பொய் இல்லை. 2025 ஜனவரியில் முதலமைச்சர் ஸ்டாலினே பிரதமருக்குக் கடிதம் எழுதினார், தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று. அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் எல்லாத் தாமதமும் டெல்லித் தாமதம் இல்லை. இதைத்தான் அந்த மனுவில் எழுதியிருந்தோம், அதைத்தான் யாரும் படிக்கவில்லை.

கூலி ரெண்டு கட்டமாக நகர்கிறது. வாரக் கடைசியில் வருகைப் பட்டியலை, அதாவது என்.எம்.ஆரை மூடுவார்கள். ஓவர்சியர் வந்து தோண்டியதை அளந்து எழுதுவார். அதைக் கணினியில் ஏற்றி, யாருக்கு எவ்வளவு என்று பணப்பரிமாற்ற ஆணை தயாராகும். அதற்குப் பெயர் எஃப்.டி.ஓ., அதில் ரெண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரைக்கும் நம் பக்கத்து வேலை. ரெண்டாவது கையெழுத்து விழுந்த பிறகுதான் பந்து டெல்லி பக்கம் போகிறது. வேலை அட்டை எண் இருந்தால் நூறு நாள் வேலைத் திட்டத்தின் இணையதளத்தில் எந்த வாரத்துக்கு எஃப்.டி.ஓ. எண் விழுந்திருக்கிறது, எதற்கு விழவில்லை என்று யாரும் பார்க்கலாம். எண் விழுந்து, ரெண்டு கையெழுத்தும் முடிந்து பணம் வரவில்லையென்றால் டெல்லியைக் கேட்க வேண்டும். எண்ணே இல்லையென்றால் இங்கே கேட்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணையில் உட்கார்ந்து 37 அட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏரி வரத்துக்கால் தூர்வாரிய ஐந்து வாரக் கூலி பாக்கி. நாலு வாரத்துக்கு எல்லாம் முடிந்து டெல்லியில் நிற்கிறது. டிசம்பரில் ஒரு வாரத்துக்கு மட்டும் எஃப்.டி.ஓ.வே இல்லை. அளவு எழுதி ஏற்றவே இல்லை. அது போக, மூன்று பேருக்கு முன்பு போட்ட பணம் போய்த் திரும்பி வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் இருந்து ஆதார் வழியாகத்தான் கூலி. வங்கிக் கணக்கில் ஆதார் சரியாக இணையவில்லையென்றால் இப்படித் திரும்பிவிடும், அவர்களுக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள். டெல்லியில் இருந்து நாளைக்கே மொத்தப் பணமும் வந்தாலும் அந்த ஒரு வாரமும் அந்த மூன்று பேரும் அப்படியேதான் நிற்பார்கள். மனுவில் இருந்தது இதுதான். வார வாரியாக, என்.எம்.ஆர். எண்ணோடு. ஒரு நிமிஷம் படித்திருந்தால் போதும்.

அம்மா ஒவ்வொருவரையும் வீடு தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். கைநாட்டு வைத்த பாட்டி ஒருத்தர் மை ஒட்டிய விரலைச் சேலையில் துடைக்காமல் அப்படியே காற்றில் பிடித்துக்கொண்டு, "சரியா விழுந்துருக்காப்பா, இல்லேன்னா இன்னொரு தடவ வைக்கிறேன்" என்று கேட்டார். எத்தனை நம்பிக்கையோடு கேட்டார் தெரியுமா?

இப்போது கமெண்ட்டுகள். "மரத்தடியில் கதை பேசுவதற்குச் சம்பளமா" என்று எழுதிய அண்ணனுக்கு: வேலை இடத்தில் காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ, செல்போன் செயலியில் எடுத்தால்தான் வருகை. ரெண்டாவது போட்டோவில் இல்லையென்றால் அன்றைய கூலி சிக்கல். 2024-25-ல் ஒரு நாள் கூலி 319 ரூபாய், அதுவும் அளவு முழுதாக இருந்தால். அளவு குறைந்தால் கூலியும் குறையும். சில இடங்களில் வேலை சரியாக நடப்பதில்லை, ஒத்துக்கொள்கிறேன், அதையும் அளந்து பார்த்து எழுதுங்கள். ஆனால் என் அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அந்த வரியை எழுதியிருப்பீர்களா?

விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். அது வேறு பேச்சு, தனியாகப் பேசுவோம். ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்குக் கூலி தராமல் இருப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

"பையன் படித்துவிட்டான், தூண்டிவிடுகிறான்" என்று ஒருவர். ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன். கடையில் எழுதினால் காசு கேட்பார்கள், அதனால் நான் எழுதினேன். ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் பாக்கி கேட்டுக் கடிதம் எழுதலாம், வேலை செய்த பெண்கள் எழுதினால் மட்டும் தூண்டிவிட்டதாகிவிடுமா?

தாமதத்துக்கு நிவாரணம் இருக்கிறதே என்று ஒரு நண்பர் நல்ல மனதோடுதான் கேட்டார். இருக்கிறது. 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், 16-வது நாளில் இருந்து நாளொன்றுக்குப் பாக்கியில் 0.05 சதவீதம். டெல்லி பக்கத்துத் தாமதத்துக்கும் அது உண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஆறு நாள், 1,914 ரூபாய். ஒரு நாள் தாமதத்துக்கு 96 காசு. 60 நாள் தாமதமானால் 57 ரூபாய் சொச்சம். அதையும் அவர்களாக ஏற்றிப் போட்டு நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பொங்கலுக்கு அம்மா தன் தோட்டை அடகு வைத்தார். எனக்கு அது தை முடிந்த பிறகுதான் தெரியும், வெறும் காதோடு இருந்ததைப் பார்த்துக் கேட்டேன், "காது புண்ணாயிருச்சு, கழட்டி வச்சிருக்கேன்" என்றார். அந்தக் கடைக்காரர் நாள் கணக்குப் பார்த்து வட்டி எழுதுகிறார், அடகு வைத்த அன்றைக்கே ரசீது தந்தார்.

எனக்கு அந்த அலுவலகத்தில் இருப்பவர்கள் மேல் தனிப்பட்ட கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். கோபம் இருக்கிறது. நாற்பது வருஷமாக மண் சுமந்தவரை, "ஏம்மா, வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க, வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பியதை அக்கறை என்று சிலர் எழுதுகிறீர்கள். உட்கார ஒரு பெஞ்சாவது காட்டியிருக்கலாமே. வீட்டுக்கு வந்து அம்மா சொன்னது, "நம்ம எழுத்துல எதாச்சும் தப்பு இருந்துச்சா தம்பி?" தப்பு எதுவும் இல்லை என்று நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

நேற்று அதே மனுவைப் புதிதாக எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். நகல் ஒன்று கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை மனு நாளில் போகிறது, யாராவது கூட வர முடிந்தால் காலை ஏழரை பஸ்ஸுக்கு வாருங்கள். தபாலாபீஸில் கொடுத்த சீட்டை அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார். அதில் தேதி போட்டிருக்கிறது.