சரிங்க, நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?

எங்க மில்லின் கம்ப்ரஸர் கரண்ட் செலவு பற்றி 42 பக்க ரிப்போர்ட் எழுதினேன். முன்னால் ஒரு பக்க எக்ஸிக்யூட்டிவ் சம்மரி. முதல் வரி: "இவ்வறிக்கை காற்றழுத்த அமைப்பின் மின்நுகர்வை விரிவாக ஆராய்ந்து பல பரிந்துரைகளை முன்வைக்கிறது." எம்.டி. படித்துவிட்டுக் கேட்டார்: "சரிங்க, நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

நான் எழுதியிருந்தது பொருளடக்கம். முடிவெடுக்கத் தேவையான விஷயம் 31-ஆம் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை லீவில் மில் நின்றிருந்தபோது, 90 கிலோவாட் கம்ப்ரஸரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். ஒரு மெஷினும் காற்று எடுக்கவில்லை. அப்படியும் ஆறு நிமிஷத்துக்கு ஒன்றரை நிமிஷம் அது லோடு எடுத்துக் காற்றை அழுத்தியது. அதாவது கம்ப்ரஸரின் திறனில் கால்வாசி லீக்கிலேயே போகிறது. இதை விட்டுவிட்டு, "28 லட்சத்துக்கு, தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் வி.எஃப்.டி. கம்ப்ரஸர் வாங்கலாம்" என்பதைத்தான் நான் சம்மரியில் தூக்கிக் காட்டியிருந்தேன். லீக்கோடு வாங்கினால் வருஷத்துக்கு மூன்றரை லட்சம்தான் மிச்சம். போட்ட பணம் திரும்ப எட்டு வருஷம். லீக்கை அடைத்த பிறகு பழைய கம்ப்ரஸர் இன்னும் அதிக நேரம் சும்மா சுற்றும், சும்மா சுற்றினாலும் 27 கிலோவாட் இழுக்கும். அப்போது வாங்கினால் ஐந்து வருஷத்துக்குள் எடுத்துவிடலாம். சின்ன மெஷினே கூடப் போதலாம்.

திருத்தி எழுதியது இது:

"லீக் அடைக்க 2 லட்சத்துக்கு இந்த மாதமே ஒப்புதல் வேண்டும். கசிவை 25-இலிருந்து 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் வருஷத்துக்குச் சுமார் 6 லட்சம் மிச்சம் (யூனிட் 8 ரூபாய், வருஷத்துக்கு 8,000 மணி நேரம்). புது கம்ப்ரஸர் இப்போது வேண்டாம். மூன்று மாதம் அளந்தபின் எந்த அளவு வாங்குவது என்று சொல்கிறோம். ஒப்புதல் தள்ளிப்போனால் மாதம் சுமார் 50,000 ரூபாய் வீண். கசிவு 15 சதவீதத்துக்குக் கீழே இறங்காவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது."

கடைசி வரியை வெட்டச் சொன்னார்கள், ஏன் பலவீனத்தைக் காட்டுகிறீர்கள் என்று. எனக்கு உடன்பாடில்லை. எது மாறினால் நம் கணக்கு உடையும் என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர், நாளைக்கு நம்மைத்தான் கேட்பார். அதே போல "கணிசமான சேமிப்பு" என்று எழுதுகிறவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. கணிசம் என்றால் எத்தனை ரூபாய்?

அனுப்பும் முன் ரிப்போர்ட்டையே பார்க்காத அக்கவுன்ட்ஸ் அண்ணனிடம் கொடுத்தேன். எவ்வளவு பணம், எதற்கு, போடாவிட்டால் என்ன ஆகும் என்று மூன்றையும் திருப்பிச் சொன்னார். பிறகு, "இதுக்கு மில்லை நிறுத்தணுமாப்பா?" என்றார். அது எங்கேயும் இல்லை. "வேலை முழுக்க லீவு நாளில், உற்பத்தி நிற்காது" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.